ஒரு நாள், ஓர் ஆண்டு: தம்பதியின் இரண்டு நகர்ந்த சந்திரன்களைப் பக்கத்தில் வைத்துப் படிக்கும் முறை

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த பிறகு, "நீ முன்ன மாதிரி இல்ல" என்று ஒருவர் சொல்வதும், "நான் அப்படியேதான் இருக்கேன், நீதான் மாறிட்ட" என்று மற்றவர் சொல்வதும் பல வீடுகளில் நடக்கிறது. மேற்கத்திய ஜோதிடத்தில் இந்தப் பேச்சுக்கென்றே ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் செகண்டரி ப்ரொக்ரஷன். அதில் திருமண வாழ்க்கைக்கு அதிகம் பயன்படுவது ஒரே ஒரு பகுதிதான், சந்திரன். கணவன், மனைவி இருவரின் சந்திரனும் ஆண்டுக்கு ஆண்டு எப்படி நகர்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது எப்படி என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அடிப்படை என்ன

பிறந்த பிறகு வானத்தில் கழியும் ஒவ்வொரு நாளையும் வாழ்க்கையின் ஓர் ஆண்டாக எடுத்துக்கொள்வதுதான் இந்த முறை. உங்களுக்கு 40 வயது என்றால், நீங்கள் பிறந்த 40-ஆம் நாள் சந்திரன் எங்கே இருந்ததோ, அதுதான் இன்றைய உங்கள் 'நகர்ந்த சந்திரன்'. இன்று வானத்தில் தெரியும் சந்திரனுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. அதனால் இதைக் கோசாரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த ப்ளாசிடஸ் என்ற துறவியின் எழுத்து வழியாக இந்த முறை பரவியது.

வானத்தில் சந்திரன் ஒரு நாளில் சுமார் 12 முதல் 15 பாகை வரை நகரும். ஆக, நகர்ந்த சந்திரன் ஓர் ஆண்டில் அவ்வளவு நகரும், ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 1 பாகை. ஒரு ராசியைக் கடக்க 2 முதல் 2½ ஆண்டுகள். முழுச் சக்கரத்தையும் சுற்றிப் பிறந்த இடத்துக்கே வர 27 ஆண்டு 4 மாதம். நகர்ந்த சூரியனோ ஆண்டுக்கு ஏறக்குறைய 1 பாகைதான் போகும்; ஒரு ராசிக்கு 30 ஆண்டு. வியாழன், சனி போன்றவை ஒரு வாழ்நாளில் ஒரு ராசியைக்கூட முழுதாகக் கடப்பதில்லை. அதனால்தான், மனத்தின் தேவை மாறுவதைச் சொல்ல மேற்கத்திய ஜோதிடர்கள் முதலில் சந்திரனையே பார்க்கிறார்கள். திருமணக் காலத்துக்குள் பலமுறை ராசி மாறுகிற அளவுக்கு வேகமும், ஒவ்வொரு மாற்றத்தையும் உணர்கிற அளவுக்கு நிதானமும் அதற்குத்தான் உண்டு.

முதல் படி: பிறந்த நேரம் எவ்வளவு துல்லியமாக வேண்டும்

பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். "எனக்குச் சரியான நேரம் தெரியாது, அதனால் பார்க்க முடியாது" என்பார்கள். சந்திரனைப் பொறுத்தவரை அது தேவையில்லாத பயம். கணக்கைப் பாருங்கள்: 24 மணி நேரம் ஓர் ஆண்டு என்றால், 2 மணி நேரம் ஒரு மாதம், 4 நிமிடம் ஒரு நாள். பிறந்த நேரத்தில் ஒரு மணி நேரப் பிழை இருந்தால், சந்திரன் ராசி மாறும் தேதி 15 நாள் முன்பின் ஆகும். நேரமே தெரியாவிட்டால் நண்பகல் 12 மணி என்று போடுங்கள். பிழை அதிகபட்சம் முன்னும் பின்னும் 6 மாதம். இரண்டரை ஆண்டு நீளும் ஒரு காலகட்டத்தைப் படிக்க அது போதும்.

லக்னமும் வீடுகளும் அப்படி அல்ல. நேரப் பிழையால் அவை வெகுவாக மாறிவிடும். நகர்ந்த லக்னத்தைக் கணக்கிடவே மென்பொருள்களில் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு, விடையும் வேறுபடும். நேரம் உறுதியாகத் தெரியாத தம்பதிக்கு வீடுகளைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. ராசியும் பிறையும் மட்டும் போதும்.

இரண்டாம் படி: கணக்கைச் சரியான அமைப்பில் வைப்பது

கையால் செய்வதென்றால், எபிமெரிஸ் எனப்படும் கிரகநிலைப் பட்டியலை எடுத்து, பிறந்த தேதியிலிருந்து வயதுக்குச் சமமான நாட்களை எண்ணி, அந்த நாளின் சந்திர நிலையை எழுத வேண்டும். மென்பொருள் என்றால் `Secondary Progressions` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே பட்டியலில் `Tertiary` என்றும் `Solar Arc` என்றும் இருக்கும். அவை வேறு முறைகள், தவறுதலாக அழுத்தினால் தேதிகள் எல்லாம் மாறிவிடும். சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வந்த விடையில் சூரியன், பிறப்புச் சூரியனிலிருந்து உங்கள் வயதுக்கு ஏறக்குறையச் சமமான பாகை நகர்ந்திருக்க வேண்டும். சந்திரன் 27 வயது 4 மாதத்தில் பிறந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

இன்னொன்று, நம் வாசகர்கள் அதிகம் சறுக்கும் இடம். மேற்கத்தியர்கள் சாயன ராசிச் சக்கரத்தைப் பயன்படுத்துகிறார்கள். நம் பஞ்சாங்கம் நிராயணம். இரண்டுக்கும் சுமார் 24 பாகை வித்தியாசம். மென்பொருளில் `Tropical` என்று இருக்க வேண்டிய இடத்தில் `Sidereal` என்று விட்டுவிட்டால், சந்திரன் ராசி மாறும் தேதி ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 2 ஆண்டு தள்ளிப்போகும். நான் ஒருமுறை ஒரு தம்பதிக்கு முழு அட்டவணையும் இப்படிப் போட்டுக் கொடுத்துவிட்டு, எதுவுமே பொருந்தவில்லை என்று அவர்கள் திரும்பி வந்த பிறகுதான் கவனித்தேன். அன்றிலிருந்து அந்த அமைப்பைப் பார்க்காமல் எதையும் எழுதுவதில்லை.

மூன்றாம் படி: பிறந்த திதியை எடுப்பது

மேற்கத்தியர்கள் 'நகர்ந்த பிறைச் சுழற்சி' என்று ஒன்றைச் சொல்வார்கள். நகர்ந்த சூரியனும் நகர்ந்த சந்திரனும் சேரும்போது அது நகர்ந்த அமாவாசை. எதிரெதிராக நிற்கும்போது நகர்ந்த பௌர்ணமி. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு வானத்தில் 29½ நாள், ஆகவே வாழ்க்கையில் 29½ ஆண்டு.

இதைத் தமிழ் வாசகருக்குச் சொல்வது மிக எளிது. மேற்கத்தியர்கள் இந்தச் சுழற்சியை எட்டாகப் பிரிக்கிறார்கள். நாம் ஏற்கெனவே முப்பதாகப் பிரித்து வைத்திருக்கிறோம், திதி என்று. 30 திதி, ஏறக்குறைய 30 ஆண்டு. ஆக, நகர்ந்த பிறையில் ஒரு திதி என்பது வாழ்க்கையில் சுமார் ஓர் ஆண்டு. திதி என்பது சூரிய சந்திரர்களுக்கு இடையிலான தூரம்தான் என்பதால், சாயனம், நிராயணம் என்ற தகராறு இங்கே இல்லை. உங்கள் ஜாதகத்தில் எழுதியிருக்கும் திதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

வளர்பிறைப் பிரதமையை 1 என்று தொடங்கி அமாவாசையை 30 என்று எண்ணுங்கள். 30-லிருந்து உங்கள் பிறந்த திதியின் எண்ணைக் கழித்தால், முதல் நகர்ந்த அமாவாசை வந்த வயது தோராயமாகக் கிடைக்கும். அதோடு 29½ கூட்டினால் இரண்டாவது. சந்திரனின் வேகம் கூடிக் குறைவதால் ஓர் ஆண்டு, சில சமயம் ஒன்றரை ஆண்டு, முன்பின் ஆகலாம். சரியான தேதியை மென்பொருள் தரும்.

இதைத் தம்பதிக்குச் செய்யும்போது ஒரு முக்கியமான விஷயம் தெரியவரும். எல்லோருக்கும் சுழற்சியின் நீளம் ஏறக்குறைய ஒன்றே. அப்படியானால், கணவனின் அமாவாசைக்கும் மனைவியின் அமாவாசைக்கும் இடையே உள்ள ஆண்டு இடைவெளி வாழ்நாள் முழுவதும் கிட்டத்தட்ட மாறாது. ஒருவருக்கு அமாவாசை வந்து 7 ஆண்டு கழித்து மற்றவருக்கு வருகிறது என்றால், அடுத்த முறையும் அப்படித்தான். ராசிப் பொருத்தம் மாறிக்கொண்டே இருக்கும், பிறை இடைவெளி நிலையாக இருக்கும். திருமணத்தின் தாளம் என்று ஒன்று இருந்தால் அது இந்த இடைவெளிதான் என்று நான் நினைக்கிறேன்.

நான்காம் படி: ஒரு தம்பதியை முழுமையாகப் பார்ப்பது

விளக்கத்துக்காக இரண்டு பிறந்த நாட்களை எடுத்துக்கொள்வோம். ஆட்கள் கற்பனை, வானம் உண்மை. கணவன் 1979 மார்ச் 5, மனைவி 1980 பிப்ரவரி 8, இருவருக்கும் கிரீன்விச் நேரப்படி நண்பகல். 2006 தொடக்கத்தில் திருமணம்.

கணவன் பிறந்தது வளர்பிறை அஷ்டமி, எண் 8. மனைவி பிறந்தது தேய்பிறை சப்தமி, எண் 22. கழித்துப் பார்த்தால் கணவனுக்கு முதல் நகர்ந்த அமாவாசை 22 வயதை ஒட்டி. மனைவிக்கு 8 வயதை ஒட்டி, அடுத்தது 37-இல். இப்போது வானத்தை எடுத்துச் சரிபார்ப்போம். கணவன் பிறந்த பிறகு வந்த அமாவாசை 1979 மார்ச் 28. அதாவது 22 நாளும் சில மணி நேரமும் கழித்து. வாழ்க்கையில் அது 2001 அக்டோபர். பௌர்ணமி ஏப்ரல் 12, 38-ஆம் நாள். வாழ்க்கையில் 2017 மார்ச். மனைவிக்கு 1980 மார்ச் 1 பௌர்ணமி, வாழ்க்கையில் 2002 ஜூன். மார்ச் 16 அமாவாசை, வாழ்க்கையில் 2017 மே.

கவனித்தீர்களா? 2017-இல் அவருக்குப் பௌர்ணமி, இரண்டு மாதத்தில் அவளுக்கு அமாவாசை. அடுத்த முறையும் இப்படியே: 2031-இல் அவருக்கு அமாவாசை, 2032-இல் அவளுக்குப் பௌர்ணமி. இவர்கள் நேரெதிர்ப் பிறைத் தம்பதி. ஒருவர் எதையாவது எட்டி நிற்கும் காலத்தில் மற்றவர் எதையோ முடித்துவிட்டு வெறுங்கையோடு நிற்பார்.

இனி ராசிகள். சாயன முறைப்படி இருவரின் நகர்ந்த சந்திரனும் போகும் பாதை தோராயமாக இது:

மனைவி: 2006 தொடக்கத்தில் துலாத்தின் பின்பகுதி; 2006 நடுவில் விருச்சிகம்; 2009 தனுசு; 2011 மகரம்; 2013 கும்பம்; 2015 மீனம்; 2017 பின்பகுதியில் மேஷம்; 2019 பின்பகுதியில் ரிஷபம்.

கணவன்: 2006 தொடக்கத்தில் மிதுனத்தின் முற்பகுதி; 2007 இறுதியில் கடகம்; 2010 சிம்மம்; 2012 கன்னி; 2015 துலாம்; 2017 இறுதியில் விருச்சிகம்; 2020 தனுசு.

திருமணத்தின்போது துலாமும் மிதுனமும், இரண்டும் காற்று ராசிகள். பேசுவதும் கேட்பதும்தான் இருவருக்கும் அன்பு. மேற்கத்திய ஜோதிடர் இதைச் சொல்லும் விதம்: "அந்தக் காலத்தில் உங்களுக்குள் தூரம் வந்தால் பேசியே சரிசெய்திருப்பீர்கள்." போதாததற்கு இருவருக்கும் வயது 27-ஐ நெருங்குகிறது. நகர்ந்த சந்திரன் பிறந்த இடத்துக்கே திரும்பும் வயது அது. தனக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று மனம் தெளிவாகக் கேட்கும் சமயம் என்பார்கள். அப்புறம் விருச்சிகமும் கடகமும், நீர் ராசிகள்; வீட்டுக்குள் ஒடுங்கும் காலம். அதன் பிறகு தனுசும் சிம்மமும், நெருப்பு; அதன் பிறகு மகரமும் கன்னியும், நிலம். ஒவ்வொரு முறையும் மனைவி ஓர் ஆண்டுக்கு மேல் முந்திப்போனாலும், 2013 வரை ஒரே பூத வரிசையில்தான் இருவரும் நகர்கிறார்கள். ஒரே வரிசையில் ஆசைகள் மாறியதால், மாறியது அதிகம் தெரிந்திருக்காது.

ஐந்தாம் படி: தேய்பிறையின் கடைசிப் பகுதியை அடையாளம் காண்பது

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துப்போவதாக இருந்தால் இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

நகர்ந்த அமாவாசைக்கு முந்தைய 45 பாகையை மேற்கத்தியர்கள் 'பால்சாமிக்' கட்டம் என்பார்கள். திதியில் சொன்னால் தேய்பிறைத் துவாதசி தொடங்கி அமாவாசை வரை. வாழ்க்கையில் மூன்றரை ஆண்டு அளவு. இந்தக் கட்டத்தைப் பற்றிய வருணனை எல்லா மேற்கத்திய ஜோதிடர்களிடமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்: பழையதில் ஆர்வம் வடிந்துவிடும், புதியது இன்னும் தெரியாது, தனிமை பிடிக்கும், "என்ன வேணும்?" என்று கேட்டால் பதில் இருக்காது.

நம் உதாரணத்தில் மனைவிக்கு இது 2014 தொடக்கத்திலிருந்து 2017 மே வரை. பின்பாதி முழுவதும் சந்திரன் மீனத்தில். ஒதுங்கும் தன்மையை அது இன்னும் கூட்டும். அதே ஆண்டுகளில் கணவன் பௌர்ணமிக்கு முந்தைய வளர்பிறையில் இருக்கிறார். வேலை, வீடு, திட்டம் என்று எதையாவது கட்டி முடித்துவிட வேண்டும் என்ற வேகத்தின் காலம் அது. 2015-இலிருந்து அவர் சந்திரன் துலாத்தில்; அந்த வேகத்தில் கூடவே வர ஒரு துணை வேண்டும் அவருக்கு.

இவர் அவளை அழைக்க அழைக்க அவள் உள்ளே போகிறாள். அவர் அதை நிராகரிப்பு என்று படிக்கிறார். அவளோ, தன்னிடம் இல்லாத ஒன்றை அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று படிக்கிறாள். இந்த முறையைப் பயன்படுத்தும் ஜோதிடர் இந்த இடத்தில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அவளுடைய ஒதுங்கல் அவருக்கு எதிரானது அல்ல, அதற்கு ஒரு முடிவுத் தேதியும் உண்டு. தேய்பிறையில் இருப்பவரிடம் பெரிய முடிவுகளைக் கேட்காமல் இருப்பதும், வளர்பிறையில் இருப்பவர் தன் வேகத்துக்கு வேறு துணைகளைத் தேடிக்கொள்வதும்தான் அவர்கள் தரும் வழக்கமான ஆலோசனை. நண்பர்கள், கூட்டாளிகள், ஒரு குழு, எதுவாகவும் இருக்கலாம். எல்லாத் தேவையையும் ஒரே ஆளிடம் வைக்காதிருப்பது அந்த மூன்று ஆண்டுக்குப் போதும்.

ஓர் எச்சரிக்கை. தூக்கம் போய், பசி போய், வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பவரைப் 'பால்சாமிக்' என்று சொல்லிக் காத்திருக்க வைப்பது தவறு. அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரிடம் போக வேண்டும். பிறைக் கட்டம் எதற்கும் நோயறிதல் ஆகாது.

ஆறாம் படி: ராசிகள் பிரியும் இடத்தைக் குறிப்பது

2017 செப்டம்பர் வாக்கில் மனைவியின் சந்திரன் மேஷத்துக்கு வருகிறது. நவம்பர் வாக்கில் கணவனின் சந்திரன் விருச்சிகத்துக்கு. மேஷத்துக்கு வேண்டியது வேகம், தன் இஷ்டம், புதிய தொடக்கம். விருச்சிகத்துக்கு வேண்டியது ஆழம், இரகசியமில்லாத நெருக்கம், இறுக்கமான பிடி. இரண்டுக்கும் பொதுவான பூதமும் இல்லை, இயல்பும் இல்லை. இரண்டுக்கும் இடையே உள்ள 150 பாகைக் கோணத்தை மேற்கத்தியர்கள் 'ஒத்துப்போக முடியாதது, ஆனால் மோதவும் முடியாதது' என்றுதான் வருணிப்பார்கள். சண்டை வந்தால்கூடத் தெளிவாக இருக்கும். இங்கே இருவரும் வேறு வேறு விஷயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மூன்று ஆண்டு ஒதுங்கியிருந்தவள் இப்போது வெளியே ஓடுகிறாள். 'ஒருவழியாக இவள் திரும்பி வந்துவிட்டாள்' என்று நினைத்தவர், அவள் தன்னிடம் வரவில்லை, எங்கோ போகிறாள் என்று உணரும் காலம் இது. பௌர்ணமிக்குப் பிறகு அவர் மனம் உள்ளே திரும்பத் தொடங்கியிருக்கும்.

சந்திரன்களின் வேகத்தையும் பார்க்க வேண்டும். இது பலர் விட்டுவிடும் இடம். மனைவி பிறந்து 37-ஆம் நாளில் சந்திரன் பூமிக்கு அருகே இருந்தது. ஆண்டுக்கு 15 பாகை ஓடுகிறது. கணவனுக்கு 38-ஆம் நாளில் அது தொலைவில் இருந்தது. ஆண்டுக்கு 12 பாகைதான். ஆகவே அவள் ஒரு மனநிலையை 2 ஆண்டில் கடந்துவிடுவாள், அவருக்கு 2½ ஆண்டு வேண்டும். "நான் எப்பவோ அதை விட்டுட்டேன், நீ இன்னும் அங்கேயே இருக்க" என்ற வாக்கியத்துக்கு ஜோதிடரின் கணக்கு இது. அட்டவணை போடும்போது ராசியோடு ஆண்டு வேகத்தையும் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

ஏழாம் படி: ஒருவரின் நகர்ந்த சந்திரன் மற்றவரின் பிறப்புச் சந்திரனைத் தொடும் மாதங்கள்

இருவரின் பிறப்புச் சந்திரனையும் எழுதுங்கள். நம் உதாரணத்தில் மனைவிக்கு அது விருச்சிகம் 9 பாகை அருகே. கணவனின் நகர்ந்த சந்திரன் 2017 இறுதியில் விருச்சிகத்தில் நுழைந்தது அல்லவா? மாதம் ஒரு பாகை வீதம் போய், 2018 ஆகஸ்ட் வாக்கில் அவள் பிறப்புச் சந்திரன் மேல் வந்து நிற்கிறது. 1 பாகைக்கு மேல் தள்ளி எடுக்க வேண்டாம். 1 பாகை வரை எடுத்தால் முன் ஒரு மாதம், பின் ஒரு மாதம்.

மேலே சொன்ன பிரிவின் நடுவிலேயே இது வருகிறது, அதனால்தான் எனக்கு இந்த உதாரணம் பிடித்திருக்கிறது. அவளுக்கு எப்போதும் எது தேவையாக இருந்ததோ, அதைக் கணவன் தன் சொந்தத் தேவையாகவே அந்தச் சில மாதங்களில் உணர்கிறார் என்று மேற்கத்திய ஜோதிடர் படிப்பார். அவள் மேஷத்தில் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதும் உண்மை. ஆனாலும் பேசாமல் இருந்த ஒன்றைப் பேச வேண்டும் என்றால், இரண்டரை ஆண்டில் அந்த மூன்று மாதங்களைத்தான் நான் காட்டுவேன்.

சுக்கிரன், செவ்வாய் ஆகியவற்றோடு உண்டாகும் தொடர்புகளையும் இப்படிப் பார்க்கலாம். ஆனால் முதல் முறையே எல்லாவற்றையும் சேர்த்தால் ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒன்று பொருந்தும். எல்லா மாதமும் பொருந்துகிற முறை எதையும் சொல்வதில்லை.

எட்டாம் படி: சூரியன் ராசி மாறும் ஆண்டு

இதைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். நகர்ந்த சூரியன் ராசி மாறுவது வாழ்நாளில் இரண்டு மூன்று முறைதான். மனைவிக்கு அது 2021 தொடக்கத்தில் மேஷத்துக்குப் போகிறது. கணவனுக்கு 2025 மே வாக்கில் ரிஷபத்துக்கு. சந்திரன் காட்டுவது அந்தந்தக் காலத்தின் தேவையை. சூரியன் காட்டுவது ஆள் யாராக ஆகிறார் என்பதை. 2017-இல் அவள் சந்திரன் மேஷத்தில் கேட்டது தற்காலிகம் என்று கணவன் நினைத்திருந்தால், 2021-க்குப் பிறகு அது அப்படி இல்லை என்று தெரியும். அவரோ 2025-க்குப் பிறகு நிதானமும் நிலையான வீடும் தேடுவார். இந்த வித்தியாசம் 30 ஆண்டு நீளும், காத்திருந்து கடப்பதற்கு உரியது அல்ல. சேர்ந்து ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியது.

ஒன்பதாம் படி: ஏமாறாமல் சரிபார்ப்பது

இந்த முறை கணிப்பு என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. பிறந்த 38-ஆம் நாளின் சந்திரன் 38-ஆம் வயதின் மனத்தைப் பாதிக்க அறியப்பட்ட காரணம் எதுவும் கிடையாது. சூரிய ராசிப் பொருத்தத்தை இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கின் ஒரு கோடித் தம்பதிகளிடம் டேவிட் வோஸ் என்ற ஆய்வாளர் 2007-இல் சோதித்துப் பார்த்தார். எந்த விளைவும் தெரியவில்லை. அது செகண்டரி ப்ரொக்ரஷனைச் சோதித்தது அல்ல, ஆனாலும் அதை நான் ஒவ்வொரு தம்பதியிடமும் சொல்லிவிடுகிறேன். இதை நான் பயன்படுத்துவது வேறு காரணத்துக்கு: "நீ மாறிட்ட" என்ற குற்றச்சாட்டை "நம் தேவைகள் எந்த ஆண்டு மாறின" என்ற கேள்வியாக ஆக்க இது உதவுகிறது. அதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும், இல்லாவிட்டால் எந்த வருணனையும் யாருக்கும் பொருந்திவிடும்.

ஆகவே அட்டவணையைப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். கணவனும் மனைவியும் தனித்தனியே உட்கார்ந்து, திருமணத்துக்குப் பிறகு தனக்கு வேண்டியது மாறியதாக உணர்ந்த மூன்று ஆண்டுகளை எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதற்கு முன் என்ன வேண்டியிருந்தது, அதற்குப் பின் என்ன என்று ஒரு வரி. அதை மூடி வைத்துவிட்டு, அட்டவணையை எடுங்கள். அதோடு பிறந்த தேதியைப் பத்து நாள் தள்ளிப் போட்டு இன்னொரு பொய் அட்டவணையும் தயாரியுங்கள். எது எது என்று தெரியாத ஒருவரிடம் இரண்டையும் கொடுத்து, எழுதிய ஆண்டுகளுக்கு எது நெருக்கமாக வருகிறது என்று கேளுங்கள். பொய் அட்டவணையும் அதே அளவு பொருந்தினால் உண்மை அட்டவணையின் தேதிகளை நம்பி எதையும் தள்ளிப்போடவோ முடிவெடுக்கவோ கூடாது.

அப்போதும் அந்த இரண்டு தாள்களைத் தூக்கிப்போட வேண்டாம். நான் பார்த்தவரை, கணவன் எழுதிய மூன்று ஆண்டுகளும் மனைவி எழுதிய மூன்று ஆண்டுகளும் ஒன்றாக இருந்ததே அரிது. அவள் 2014 என்று எழுதியிருப்பாள். அந்த ஆண்டில் எதுவும் நடந்ததாக அவருக்கு நினைவே இருக்காது. சந்திரனை மறந்துவிட்டு முதலில் அதைக் கேளுங்கள்: 2014-இல் உனக்கு என்ன ஆச்சு?